ஏப்ரல் பேட்ச் ஏன் திரும்பி வரவில்லை?

ஆன்லைனில் கோர்ஸ் விற்கும் பலருக்கு முதல் விற்பனையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. வந்த பணத்தில் பாதிக்கு மேல் விளம்பரத்துக்கே போய்விடும். அதே மாணவர் இரண்டாவது கோர்ஸையும் வாங்கும்போதுதான் கையில் காசு நிற்கிறது, ஏனென்றால் அவரை அழைத்துவர மறுபடி செலவு செய்யவேண்டியதில்லை. அதனால் பழைய மாணவர்கள் வாங்குவது குறைகிறது என்று தெரிந்ததும் மனசு பதறும். தள்ளுபடி கூப்பன் அனுப்பலாமா, விளம்பரத்தை நிறுத்தலாமா, புது கோர்ஸ் எடுக்கலாமா என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதற்கு முன், குறைந்தது எது என்று பார்க்கவேண்டும்.

ஒரு கணக்கை வைத்துப் பேசுவோம். கோவைப் பக்கம் ஒருவர் ஆரி வேலைப்பாடு கற்றுத்தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைக் கோர்ஸ் 1,499 ரூபாய். அதை முடித்தவர்களுக்கு பிரைடல் பிளவுஸ் கோர்ஸ் 2,999 ரூபாய். ஜனவரியில் 250 பேர் பணம் கட்டினார்கள். அவர்களில் 50 பேர் ஏற்கெனவே படித்தவர்கள், அதாவது 20 சதவீதம். மே மாதம் 555 பேர் கட்டினார்கள். அதில் பழையவர்கள் 55 பேர், ஏறக்குறைய 10 சதவீதம். திரும்பி வருபவர்கள் பாதியாகிவிட்டார்கள் என்றுதான் இதைப் பார்ப்பவர் சொல்வார். ஆனால் பழையவர்களின் எண்ணிக்கை 50-லிருந்து 55 ஆகியிருக்கிறது. புதியவர்கள் 200-லிருந்து 500 ஆனதால் விகிதம் சரிந்திருக்கிறது. விளம்பரத்தைக் கூட்டிய எந்த மாதத்திலும் இந்த எண் விழத்தான் செய்யும். பிரச்சினை இருக்கிறதா இல்லையா என்பதையே இதைக் கொண்டு சொல்லமுடியாது.

சொல்லவேண்டுமென்றால் மாணவர்களைச் சேர்ந்த மாதவாரியாகப் பிரிக்கவேண்டும். இதைத்தான் கோஹார்ட் கணக்கு என்கிறார்கள்; நம் வழக்கில் பேட்ச் என்றே சொல்லிவிடலாம். ஒருவர் முதல்முறை பணம் கட்டிய தேதி எதுவோ அந்த மாதத்து பேட்சில் அவர் கடைசிவரை இருப்பார். பிறகு ஒவ்வொரு பேட்சிலும் எத்தனை பேர், சேர்ந்த 90 நாளுக்குள் இன்னொரு கோர்ஸ் வாங்கினார்கள் என்று எண்ணவேண்டும். எல்லா பேட்சுக்கும் ஒரே கால அளவு என்பது இங்கே முக்கியம். ஜனவரி பேட்சுக்கு எட்டு மாத அவகாசமும் ஜூன் பேட்சுக்கு இரண்டு மாத அவகாசமும் கொடுத்து ஒப்பிட்டால் ஜூன் தோற்கத்தான் செய்யும். செப்டம்பர் முதல் வாரத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுபவர் மே பேட்ச் வரைக்கும்தான் பார்க்கலாம். ஜூன் 30 அன்று சேர்ந்தவருக்கு 90 நாள் முடிவது செப்டம்பர் 28-ல்.

எண்ணத் தொடங்குமுன் பெயர்ப்பட்டியலைச் சுத்தம் செய்தாகவேண்டும். பேமென்ட் கேட்வேயிலிருந்து இறக்கிய ரிப்போர்ட்டில் ஒரே ஆள் இரண்டு பேராக இருப்பார். முதல் கோர்ஸை மகளின் மின்னஞ்சலில் வாங்கியிருப்பார், இரண்டாவதைத் தன் போன் நம்பரில். அவர் திரும்பி வந்தவர். பட்டியலோ இரண்டு புதியவர்கள் என்கிறது. லாகின் முறையை ஏதோ ஒரு மாதத்தில் போன் நம்பரிலிருந்து மின்னஞ்சலுக்கு மாற்றியிருந்தால், அந்த மாதத்திலிருந்து திரும்பி வருபவர்களே காணாமல்போனதுபோல் தெரியும். பணம் திரும்பக் கொடுத்த விற்பனைகளையும் கழிக்கவேண்டும். இலவச வகுப்பில் சேர்ந்ததை வாங்கியதாக எண்ணக்கூடாது. அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் போட்ட அட்டவணையை நம்பி நான் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கமாட்டேன்.

சுத்தம் செய்தபின் நம் ஆசிரியருக்குக் கிடைப்பது இது. ஜனவரியில் சேர்ந்த 200 பேரில் 40 பேர் 90 நாளுக்குள் இரண்டாவது கோர்ஸ் வாங்கினார்கள். பிப்ரவரியின் 200-ல் 38 பேர். மார்ச்சின் 250-ல் 50 பேர். மூன்றும் 20 சதவீதத்தை ஒட்டியே இருக்கின்றன. 200 பேர் கொண்ட பேட்சில் 20-க்கும் 19-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. ஏப்ரலின் 400-ல் 48 பேர், அதாவது 12 சதவீதம். மேயின் 500-ல் 55 பேர், 11 சதவீதம். இவ்வளவு பெரிய இறக்கத்தைத் தற்செயல் என்று ஒதுக்கமுடியாது. ஆக, பிரச்சினை நிஜம்.

அது எந்த வகை என்பதையும் இதே அட்டவணை காட்டிவிடுகிறது. வாட்ஸப்பில் அனுப்பும் நினைவூட்டல் ஏப்ரலில் நின்றுபோனது என்றோ, பிரைடல் கோர்ஸின் பக்கம் கெட்டுப்போனது என்றோ இருந்தால், ஏப்ரலுக்கு முன்பே சேர்ந்தவர்களும் பாதிக்கப்பட்டிருப்பார்கள். மார்ச் பேட்சின் 90 நாள் ஜூன்வரை நீள்கிறது; அவர்களோ வழக்கம்போல் 20 சதவீதம் பேர் வாங்கியிருக்கிறார்கள். எனவே கடையில் எதுவும் உடையவில்லை. ஏப்ரலிலிருந்து உள்ளே வந்தவர்களிடமோ, அவர்கள் வந்த விதத்திலோதான் மாற்றம் இருக்கவேண்டும்.

ஏப்ரலில் நடந்தது இன்ஸ்டாகிராம் விளம்பரம். அந்த லிங்க் வழியே வருபவர்களுக்கு மட்டும் அடிப்படைக் கோர்ஸ் 499 ரூபாய். பேட்சை வந்த வழிப்படி இரண்டாகப் பிரித்தால் படம் தெளிவாகிறது. ஏப்ரலில் யூடியூப் பார்த்தும் தோழிகள் சொல்லியும் வந்தவர்கள் 200 பேர். அவர்களில் 40 பேர், அதே 20 சதவீதம், திரும்பி வந்தார்கள். விளம்பரத்தில் வந்தவர்கள் 200 பேர், திரும்பியவர்கள் 8. மே மாதமும் அப்படியே: பழைய வழியில் 200-க்கு 40, விளம்பரத்தில் 300-க்கு 15. பழைய வழி கொஞ்சம்கூடச் சரியவில்லை. குறைவாகத் திரும்பும் ஒரு கூட்டம் புதிதாகச் சேர்ந்ததால்தான் சராசரி இறங்கியது.

இந்த இடத்தில் பலர் கணக்கை மூடிவிட்டு, மலிவு விலைக்கு வருபவர்கள் அப்படித்தான் என்று சொல்லிவிடுவார்கள். அது அவசர முடிவு. அந்த 192 பேர் எந்தப் படியில் நின்றார்கள் என்று பார்க்காமல் அவர்களைக் குறைசொல்வது நியாயமில்லை. படிப்படியாக எத்தனை பேர் கடந்தார்கள் என்று எண்ணும் இந்த இரண்டாவது கணக்குக்கு ஃபன்னல் என்று பெயர். பொதுவாக விளம்பரத்தைப் பார்த்ததிலிருந்து பணம் கட்டும்வரைதான் இதைப் போடுவார்கள். திரும்பி வாங்குவது குறைந்திருக்கும்போது, முதல் கோர்ஸுக்குப் பணம் கட்டிய நொடியிலிருந்து தொடங்கவேண்டும்.

ஏப்ரலில் பழைய வழியில் வந்த 200 பேரில் 180 பேர் முதல் பாடத்தைத் திறந்தார்கள். மூன்றாம் பாடத்தில்தான் துணியில் செயின் ஸ்டிச் போடவேண்டும். அதை 140 பேர் முடித்தார்கள். கோர்ஸை முடித்தவர்கள் 100, பிரைடல் கோர்ஸின் பக்கத்தைப் பார்த்தவர்கள் 80, கட்டணப் பக்கம்வரை போனவர்கள் 50, கட்டியவர்கள் 40. விளம்பரத்தில் வந்த 200 பேரில் முதல் பாடத்தைத் திறந்தவர்களே 120 பேர்தான். மூன்றாம் பாடம் 50, கோர்ஸ் முடித்தவர்கள் 30, அடுத்த பக்கத்தைப் பார்த்தவர்கள் 24, கட்டணப் பக்கம் 12, கட்டியவர்கள் 8.

கட்டணப் பக்கத்துக்கு வந்தவர்களில் அங்கே 80 சதவீதம் கட்டுகிறார்கள், இங்கே 67. கூப்பன் கொடுத்து இதைச் சமன்செய்தால் 8 என்பது 9 அல்லது 10 ஆகும், அவ்வளவுதான். மூன்றாம் பாடத்துக்குள்ளேயே 150 பேர் போய்விட்டார்கள். பழைய வழியில் அந்த இடத்தில் போனவர்கள் 60. இழப்பில் பெரும்பங்கு அங்கே இருக்கிறது.

பணம் கட்டிவிட்டுத் திறந்தே பார்க்காதவர்களா என்று சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய இணைய வகுப்புகளைப் பற்றி 2019-ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பதிவு செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடத்துக்குள் நுழையவே இல்லை என்றது அது. அவை பெரும்பாலும் இலவசம். 499 ரூபாய் கட்டியவர்கள் அதைவிட மேல்தான். ஆனால் 1,499 கட்டியவர்கள் அளவுக்கு இல்லை.

ஃபன்னல் இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. காரணத்துக்கு போன்தான் போடவேண்டும். முதல் பாடத்தோடு நின்ற இருபது பேரைக் கூப்பிட்டால் போதும். ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் நேரமில்லை என்பார்கள். கடைசியாகப் பாடத்தைத் திறந்த அன்று என்ன நடந்தது என்று கேட்கவேண்டும். நம் கணக்கில் திரும்பத் திரும்ப வரும் பதில், “ஸ்டாண்டும் ஊசியும் எங்க வாங்கறதுன்னு தெரியல மேடம்” என்பது. யூடியூபில் ஆசிரியரை மாதக்கணக்கில் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஃபிரேம், ஆரி ஊசி, ஜரி நூல் எல்லாவற்றையும் முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். விளம்பரம் பார்த்து ஐந்து நிமிடத்தில் பணம் கட்டியவரிடம் ஒன்றும் இல்லை. மூன்றாம் பாடம் அவருக்கு வெறும் வீடியோ.

அதற்குச் செய்யக்கூடியது தெரிகிறது: பணம் கட்டியதுமே பொருள் பட்டியலும் கிடைக்குமிடமும் வாட்ஸப்பில் போகவேண்டும், அல்லது ஒரு சிறு கிட்டைக் கூரியரில் அனுப்பவேண்டும். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் தொடங்கிவிட்டால் பலன் அதனால் வந்ததா, ஆடி முடிந்து கல்யாண ஆர்டர்கள் தொடங்கியதால் வந்ததா என்று பிரிக்கமுடியாது. பணம் கட்டிய வரிசையில் ஒருவர்விட்டு ஒருவருக்கு அனுப்பி, இரு பக்கமும் 14 நாளில் மூன்றாம் பாடத்தை முடித்தவர்களை ஒப்பிடலாம். 90 நாள் காத்திராமலே முதல் விடை வந்துவிடும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைக்கவேண்டும். மூன்றாம் பாடத்தை 50-க்குப் பதில் 140 பேர் தாண்டினால், இப்போதைய விகிதத்தில் 8 என்பது 22 ஆகும் என்று பெருக்கிப் பார்க்கத் தோன்றும். அது உச்சவரம்பு. இப்போது தாண்டும் 50 பேர் எப்படியும் ஊசி தேடிப்பிடித்துப் படிக்கக்கூடிய ஆர்வமுள்ளவர்கள். நாம் கைபிடித்துத் தாண்டவைக்கும் 90 பேரும் அதே வேகத்தில் அடுத்த கோர்ஸை வாங்கமாட்டார்கள்.

விளம்பரத்தை நிறுத்தவேண்டுமா என்ற கேள்விக்கும் திரும்பும் விகிதத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்லமுடியாது. ஒருவரை அழைத்துவர 350 ரூபாய் ஆகிறது என்றால், அவர் கட்டிய 499-ம், நூற்றுக்கு நான்கு பேர் கட்டும் 2,999-ஐத் தலைக்குப் பிரித்தால் வரும் 120-ம் சேர்ந்து 619. கழித்தால் 269 மிஞ்சுகிறது. சுமாரான லாபம், ஆனால் நஷ்டமில்லை. பழைய வழியில் வருபவர்கள் அந்த 499 ரூபாய் லிங்கைக் கண்டுபிடித்து 1,499-க்குப் பதில் அதில் கட்டத் தொடங்கினால் கணக்கு தலைகீழாகிவிடும். ஒவ்வொருவரிடமும் ஆயிரம் ரூபாய் போகும். ஆகவே பழைய வழியில் வரும் 200 பேர் மாதாமாதம் 200 ஆகவே இருக்கிறார்களா என்பதைக் கவனிக்கவேண்டும்.

அவர்கள் படிக்காமல் நின்றது விளம்பரத்தில் வந்ததாலா, குறைந்த விலையாலா என்பதும் இன்னும் பிரியவில்லை. விளம்பரமும் மலிவு விலையும் ஒரே நாளில் தொடங்கியதால் இந்த அட்டவணையில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விளம்பரத்தின் பாதிப் பேருக்கு 1,499 என்றே காட்டி, இரு பக்கமும் நூறு கிளிக்குக்கு 90 நாளில் மொத்தம் எவ்வளவு ரூபாய் வந்தது என்று பார்த்தால் தெரியும். 1,499 பக்கத்தில் வாங்குபவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். அதனால் முதல் வாரத்திலேயே சோதனையை நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாமல் 90 நாளும் ஓடவிடவேண்டும், ஏனென்றால் இரண்டாவது கோர்ஸின் பணம் அதற்குப் பிறகுதான் கணக்கில் ஏறும்.