எண்ணினால் குறையவில்லை, கடைக்குப் போனால் குறைகிறது



2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மயிலாப்பூர் பகுதியிலிருந்து ஒரு தாய் நம் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் வஃபாத்தான பிறகு தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். மகளின் நிக்காஹ் பேசி முடிந்திருந்தது. "பத்து வருஷத்துக்கு முன்னாடியே ரெண்டு லட்சம் சேர்த்து வெச்சுட்டேன் பாய். அதுல ஒரு ரூபா தொடலை. அஞ்சு பவுன் நகை, மீதியில விருந்துன்னு அப்பவே கணக்கு போட்டேன். இப்போ தி.நகர் கடையில கேட்டா மொத்தப் பணத்துக்கும் மூணு பவுன்தான் வரும்ங்கறாங்க. நான் எங்கே தப்பு பண்ணினேன்?" என்று கேட்டார்.

அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. பணம் திருடு போகவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. வங்கிப் புத்தகத்தில் இரண்டு லட்சம் அப்படியே இருந்தது. வட்டியாக வந்த சிறு தொகையை அவர் தனியே எடுத்து, நன்மையை நாடாமல் கொடுத்துவிட்டார். ஆனாலும் அவருடைய சேமிப்பில் ஒரு பெரிய பங்கு காணாமல் போயிருந்தது. அது எப்படிப் போயிற்று என்பதைத்தான் இந்த இதழில் விளக்க நினைக்கிறோம். இதே நிலையில் நம் மஹல்லாவில் இன்னும் பல வீடுகள் இருக்கின்றன.

முதலில் அவருடைய கணக்கைப் பார்ப்போம். 2015 தொடக்கத்தில் சென்னையில் ஆபரணத் தங்கம் பவுன் சுமார் 20,000 ரூபாய்க்குச் சற்று மேல் இருந்தது. ஐந்து பவுனுக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகியிருக்கும். செய்கூலி, சேதாரம் போக விருந்துக்கும் பணம் மிஞ்சியிருக்கும். அவர் போட்ட கணக்கு அன்றைக்குச் சரியானதே. பத்து ஆண்டு கழித்து அதே பவுன் 58,000 ரூபாயைத் தாண்டி நின்றது. அந்த ஆண்டு அக்டோபரில் 90,000 ரூபாயையும் கடந்தது. அவர் சேர்த்தது ரூபாயில்; அவருக்குத் தேவைப்பட்டதோ பவுனில். இரண்டும் ஒன்றாகவே நடக்கும் என்று நம்பியிருந்தார்.

தங்கம் வேகமாக ஏறும் பொருள், அதை வைத்து எல்லாவற்றையும் அளக்க முடியாது என்று சிலர் சொல்லலாம். நியாயம்தான். அதனால் மத்திய அரசு மாதாமாதம் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பார்ப்போம். அரிசி, பால், எண்ணெய், வாடகை, துணி, மருந்து, பஸ் கட்டணம் என ஒரு குடும்பம் வாங்குபவற்றை ஒரே கூடையில் போட்டு, அந்தக் கூடையின் விலை எவ்வளவு ஏறியது என்று அளப்பதுதான் இந்தக் குறியீடு. 2012ஆம் ஆண்டின் விலையை 100 என்று வைத்துக் கொண்டால், 2014-15இல் அது சராசரியாக சுமார் 119. 2024-25இல் சுமார் 193. அதாவது அன்று 119 ரூபாய்க்கு வாங்கிய கூடைக்கு 2024-25இல் 193 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. இதே கணக்கில் அந்தத் தாயின் இரண்டு லட்சம், பத்து ஆண்டு முன்பு ஏறத்தாழ 1,23,000 ரூபாய் வாங்கித் தந்ததை மட்டுமே அப்போது வாங்கித் தந்தது. மீதி 77,000 ரூபாயின் பலம் சத்தமில்லாமல் கரைந்துவிட்டது. ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான ஏற்றம்தான் பத்து ஆண்டில் இந்த வேலையைச் செய்திருக்கிறது.

இது நம் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. விலை ஒரே நாளில் ஏறுவதில்லை. சில சமயம் இறங்கவும் செய்யும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலை எடுத்துக் கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் லிட்டருக்கு 6 ரூபாய் ஏறி 51 ஆனது. 2021 மே மாதம் 3 ரூபாய் குறைந்து 48க்கு வந்தது. 2022 நவம்பரில் ஒரேயடியாக 60 ஆனது. தினம் ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு, 2019 ஏற்றத்துக்கு முன்பு மாதம் 1,350 ரூபாய் ஆன பால், மூன்றே கால் ஆண்டுக்குள் 1,800 ரூபாய் ஆகிவிட்டது. இடையில் வந்த மூன்று ரூபாய்க் குறைப்பு நமக்கு நினைவிருக்கிறது, மொத்த ஏற்றம் நினைவில் நிற்பதில்லை. கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். 2023இல் 1,118 ரூபாய் வரை போய், பிறகு 818க்கு இறங்கி, 2025 ஏப்ரலில் மறுபடி 50 ரூபாய் ஏறியது. சில பொருட்களில் விலை மாறுவதே இல்லை, உள்ளே இருக்கும் அளவுதான் குறைகிறது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் இன்றும் ஐந்து ரூபாய்தான்; எடையைப் படித்துப் பார்த்தால் விஷயம் தெரியும்.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்கிவிடுகிறோம். "பணவீக்கம் குறைந்தது" என்று செய்தியில் வந்தால் விலை குறைந்தது என்று பலர் எடுத்துக் கொள்கிறார்கள். அப்படியல்ல. ஏறும் வேகம் குறைந்தது என்பதே அதன் பொருள். 2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதமாகப் பதிவானது. காய்கறி விலை இறங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் அதற்கு முந்திய பத்து ஆண்டில் ஏறியது அப்படியே மேலேதான் நிற்கிறது. ரிசர்வ் வங்கிக்கு அரசு வைத்திருக்கும் இலக்கே ஆண்டுக்கு நான்கு சதவீதம். எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் பணத்தின் பலம் ஆண்டுக்கு அவ்வளவு குறையும் என்று எதிர்பார்த்துத்தான் நாம் திட்டமிட வேண்டும்.

அப்படியானால் வட்டியை வாங்கிக் கொண்டிருந்தால் ஈடாகியிருக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். வட்டி ஹராம் என்பதில் பேச்சே இல்லை. வெறும் கணக்காகப் பார்த்தாலும் அது ஈடாகாது. பெரிய வங்கிகளின் சேமிப்புக் கணக்கில் சில ஆண்டுகளாகப் பெரும்பாலும் கிடைப்பது மூன்று சதவீதமோ அதற்கும் குறைவோதான்.

இனி இதன் இன்னொரு பக்கம். வீட்டில் சும்மா இருக்கும் பணம் மட்டும் கரைவதில்லை. நம்மிடையே நீண்ட நாள் பாக்கி நிற்கும் இரண்டு கடன்களும் இப்படியே கரைகின்றன.

ஒன்று, மஹர். நிக்காஹ் பதிவேட்டில் ரூபாயில் எழுதி, "பிறகு தருகிறேன்" என்று நிறுத்தி வைக்கப்பட்ட மஹர் பல வீடுகளில் இருக்கிறது. 2014இல் 50,000 ரூபாய் எழுதியவர் 2024இல் அதே 50,000 கொடுத்தால், மனைவியின் கைக்குச் சேர்வது அன்றைய கணக்கில் சுமார் 31,000 ரூபாயின் பலம்தான். அன்றே இரண்டு பவுன் என்று எழுதியிருந்தால் இன்றும் அது இரண்டு பவுன். ஆகவே பெண் வீட்டாருக்கு நாங்கள் சொல்வது இதுதான்: மஹரை உடனே கொடுத்துவிடுவது நல்லது. நிறுத்தி வைப்பதாக இருந்தால் பவுன் கணக்கில் எழுதுங்கள். ஏற்கெனவே ரூபாயில் எழுதி நிறுத்தி வைத்திருக்கும் கணவன்மார்கள் இந்த ஆண்டே கொடுத்து முடிக்கட்டும்.

மற்றது, கைமாற்றாகவும் கர்ழன் ஹஸனாவாகவும் வாங்கிய கடன். ரூபாயில் வாங்கிய கடனை அதே எண்ணிக்கையில்தான் திருப்ப வேண்டும், விலைவாசியோடு சேர்த்து உயர்த்திக் கேட்க முடியாது என்று 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. எனவே கடன் கொடுத்தவர் கூடுதலாக நிபந்தனை போட வழியில்லை. ஆனால் அந்தத் தீர்மானம் வாங்கியவருக்குத் தாமதிக்க அனுமதி கொடுக்கவில்லை. வசதியிருந்தும் ஐந்து ஆண்டு இழுத்தடிப்பவர், கொடுத்த சகோதரரின் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கின் பலத்தையாவது தன்னிடமே வைத்துக் கொள்கிறார். நிபந்தனையில்லாமல், தன் விருப்பத்தோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பதற்குத் தடையில்லை. அழகிய முறையில் கடனை அடைப்பவரே சிறந்தவர் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல். உங்கள் குறிப்பிட்ட விஷயத்தில் தீர்ப்பு வேண்டுமானால் ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

சேமிப்பவர்கள் என்ன செய்யலாம்? முதலில், எதற்காகச் சேர்க்கிறோமோ அதை ரூபாயில் அல்ல, பொருளில் எழுதி வையுங்கள். "இரண்டு லட்சம்" என்பதற்குப் பதிலாக "ஐந்து பவுன், இருநூறு பேருக்குச் சாப்பாடு" என்று எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, ரமளானில் ஜகாத் கணக்குப் பார்க்கும்போதே, அந்தப் பொருளின் அன்றைய விலையையும் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். எவ்வளவு பின்தங்குகிறோம் என்பது அந்த ஆண்டே தெரிந்துவிடும், பத்தாம் ஆண்டில் கடை வாசலில் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து, தேவையே பவுனாக இருந்தால், பணம் சேரச் சேர ஒரு கிராம், இரண்டு கிராம் என வாங்கி வைக்கலாம். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் போய்விடும். ஹால்மார்க் நாணயமாக வாங்கினால் அந்த இழப்பு குறைவு. ஆனால் தங்கமும் எப்போதும் ஏறுவதில்லை. 2012 இறுதியில் 24,000 வரை இருந்த பவுன், 2015 இறுதியில் சுமார் 19,000க்கு வந்தது. ஆகவே ஓராண்டுக்குள் செலவாக வேண்டிய பள்ளிக் கட்டணம், வாடகை முன்பணம், ஆஸ்பத்திரிச் செலவு ஆகியவற்றுக்கான பணத்தைத் தங்கத்தில் போடாதீர்கள். அது ரூபாயிலேயே இருக்கட்டும். ஓராண்டில் கரைவது கொஞ்சம்தான்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பணம் கரைகிறதே என்ற பதற்றத்தில்தான் பலர் மோசடியில் விழுகிறார்கள். பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் ஹலால் முதலீடு என்று சொல்லி நம் மக்களிடம் பணம் திரட்டியது. 2019 ஜூனில் அதன் உரிமையாளர் நாட்டைவிட்டு ஓடினார். புகார் கொடுத்தவர்களே நாற்பதாயிரம் பேருக்கு மேல். அடையாளம் எளிது. உண்மையான வியாபாரப் பங்கில் லாபம் மாதத்துக்கு மாதம் மாறும், நஷ்டமும் வரும். ஒவ்வொரு மாதமும் தவறாமல் இவ்வளவு என்று ஒருவர் உறுதி சொன்னால், அவர் தாடி வைத்திருந்தாலும் ஹலால் என்று பலகை மாட்டியிருந்தாலும் விலகி விடுங்கள். விலைவாசியால் பத்து ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகலாம். அங்கே ஒரே நாளில் முழுதும் போய்விடும்.

அந்தத் தாயின் மகளுக்கு மூன்று பவுனோடு நிக்காஹ் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். மாப்பிள்ளை வீட்டார் நகை எதுவும் கேட்கவில்லை. மஹராக ஒரு பவுனை மஜ்லிஸிலேயே பெண்ணின் கையில் கொடுத்தார்கள். அவருக்கு இன்னும் ஒரு மகள் இருக்கிறாள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கான நோட்டுப் புத்தகத்தில் இம்முறை ரூபாய் எழுதவில்லை. கிராம் எழுதி வருகிறார். சென்ற மாதம் வரை அதில் மூன்று கிராம் ஏறியிருந்தது.

வஸ்ஸலாம்.

செயலாளர்