கலகக் குரலும் கேப் ஹார்ன் புயலும்

‘நெப்டியூன்ஸ் கார்’ அமெரிக்காவின் கிளிப்பர் வகை வணிகக் கப்பல். ஒல்லியான உடலும் உயர்ந்த பாய்மரங்களும் கொண்டு, வேகத்துக்கென்றே கட்டப்பட்டது. 1856 ஜூலை தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டது. பனாமா கால்வாய் இல்லாத காலம் என்பதால், தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்ன் முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். முதலில் சேரும் கப்பலின் சரக்குக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதால் கிளிப்பர்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டன.

கப்பல் கிளம்புமுன்பே முதல் மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, கால் முறிந்து படுத்துவிட்டார். அவசரமாக அமர்த்தப்பட்டவர் கீலர். காவல் நேரத்தில் தூங்குவதும், நல்ல காற்றில்கூட பாய்களைச் சுருக்கியே வைத்திருப்பதும் அவர் வழக்கமாயின. கேப்டன் ஜோஷுவா பேட்டன் அவரைப் பதவியிலிருந்து நீக்கி அடைத்துவைத்தார். அதனால் கீலரின் வேலையும் கேப்டன் தலையிலேயே விழுந்தது. இரவும் பகலும் மேல்தளத்தில் நின்றவர், கேப் ஹார்னை நெருங்கும்போது காய்ச்சல் கண்டு நினைவிழந்து விழுந்தார்.

இனிக் கப்பலை நடத்துவது யார்? இரண்டாம் மேட்டுக்குப் பாய் வேலை கைவந்த கலை. ஆனால் நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று கணக்கிட அவருக்குத் தெரியாது. கீலருக்குத் தெரியும், ஆனால் அவரை நம்ப முடியாது. தெரிந்த இன்னொருவர் கேப்டனின் மனைவி மேரி. வயது 19, கர்ப்பிணி. முந்தைய நீண்ட பயணத்தில் பொழுதுபோக்காகக் கணவரிடம் அந்தக் கணக்கைக் கற்றிருந்தார்.

அந்தக் கணக்கில் இரண்டு பகுதிகள் உண்டு. நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று செக்ஸ்டன்ட் கருவியால் அளந்தால், அன்றைய தேதிக்கான அட்டவணையின் துணையோடு அட்சரேகை கிடைக்கும். தீர்க்கரேகைக்குக் குரோனோமீட்டர் வேண்டும். அது கிரீன்விச் நேரத்தைப் பிசகாமல் காட்டும் கடிகாரம். கப்பல் இருக்கும் இடத்தின் நேரத்தைச் சூரியனைக் கொண்டு கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். 4 நிமிட வித்தியாசம் 1 பாகை. மேகம் மூடிவிட்டால் இது எதுவும் நடக்காது. வேகத்தையும் திசையையும் வைத்து உத்தேசமாகக் குறித்துக்கொண்டு போக வேண்டியதுதான். கேப் ஹார்னில் அது குளிர்காலம், பகல் குறுகியது, வானம் தெளிவது அபூர்வம்.

இந்த நேரத்தில்தான் கலகப் பேச்சு எழுந்தது. முன்னால் இருக்கும் ஆபத்துகளை எல்லாம் அடுக்கி, தன்னை விடுவிக்கும்படி கீலர் மேரிக்குக் கடிதம் எழுதினார். கணவர் நலமாக இருந்தபோதே நம்பாத ஆளை இப்போது நம்ப முடியாது என்று மேரி மறுத்தார். உடனே கீலர் மாலுமிகளைத் தூண்டிவிடப் பார்த்தார். மேரி அதை மூடிமறைக்கவில்லை. எல்லாரையும் அழைத்து, கேப்டனின் நிலையை உள்ளபடி சொல்லித் துணை கேட்டார். இரண்டாம் மேட்டும் மாலுமிகளும் அவர் பக்கம் நின்றார்கள். இந்தப் பயணத்தின் மிகத் துணிச்சலான செயல் இதுவே. வதந்தி இருட்டில்தான் வளரும், மேரி அதற்கு இடம் வைக்கவில்லை.

பிறகு புயல். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். மேற்கே போகும் கப்பலுக்கு அது எதிர்க்காற்று. பாய்க்கப்பல் எதிர்க்காற்றை நேராகக் கிழித்துப் போக முடியாது, இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்துதான் முன்னேற வேண்டும். காற்று மிஞ்சினால் போன தூரத்தையும் இழக்க நேரும். தெற்கே ஒதுங்கினால் பனிப்பாறைகள் மிதக்கும். இத்தனைக்கும் நடுவே மேரி கப்பலை முனை கடத்திப் பசிபிக்கில் சேர்த்தார். இடையிடையே மருத்துவ நூல்களைப் புரட்டிக் கணவருக்குப் பணிவிடையும் செய்தார். 50 இரவுகள் உடை மாற்றாமலே கழிந்ததாக அவரே பின்னர் கூறினார்.

கேப்டன் சற்றுத் தேறியதும் கீலருக்கு மறுபடி வாய்ப்புக் கொடுத்தார். கப்பலோ சான் பிரான்சிஸ்கோவை விட்டு, சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகத்தை நோக்கித் திரும்பியது. திசை மாறியதை மேரி கண்டுபிடித்துவிட்டார். கீலர் மீண்டும் அடைக்கப்பட்டார். கேப்டனின் நோய் திரும்பி, பார்வையும் போனது.

1856 நவம்பர் 15 அன்று மேரியின் பொறுப்பிலேயே கப்பல் சான் பிரான்சிஸ்கோவை அடைந்தது. கூடப் புறப்பட்ட ‘இன்ட்ரெபிட்’ அதற்குப் பின்புதான் வந்தது. கப்பலையும் சரக்கையும் காப்பாற்றியதற்காகக் காப்பீட்டாளர்கள் அவருக்கு 1,000 டாலர் கொடுத்தார்கள். காக்கப்பட்ட சொத்தின் மதிப்போடு பார்த்தால் அது மிகச் சொற்பம். 1857 மார்ச்சில் மகன் பிறந்தான், அந்த ஆண்டே கணவர் இறந்தார். மேரி 1861இல் காசநோயால் மறைந்தபோது வயது 24 நிறையவில்லை. நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ் பாயின்ட்டிலுள்ள அமெரிக்க வணிகக் கப்பல் பயிற்சிக் கழகத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.