தறி முதலாளிக்கு ஜிஎஸ்டி சொல்லிக்கொடுத்தால் என்ன கிடைக்கும்? 'ரிவர்ஸ் மென்டரிங்' இப்படித்தான்!

வெள்ளகோவிலில் முப்பது வருஷமாகத் தறி ஓட்டும் ஒருவருக்கு நூலைத் தொட்டுப் பார்த்தாலே அது என்ன கவுன்ட் என்று தெரியும். கரூரில் எந்த ஏற்றுமதியாளர் சொன்ன தேதியில் பணம் போடுவார், யார் இழுத்தடிப்பார் என்பதும் அத்துப்படி. ஆனால் மாதம் பிறந்தால் ஜிஎஸ்டி விஷயத்துக்கு மட்டும் ஆடிட்டர் ஆபீஸ் பையனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அந்தப் பையன் பி.காம் முடித்து ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். ஜிஎஸ்டி தளத்தில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் ஊரில் யாரையும் தெரியாது. நாளைக்கே கரூரிலோ திருப்பூரிலோ ஒரு கம்பெனி அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் போக நினைத்தால், 'இந்தப் பையன் நல்ல பையனுங்க' என்று சொல்ல ஆள் இல்லை.

இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் நடக்கக்கூடிய ஒரு கொடுக்கல் வாங்கலுக்குத்தான் 'ரிவர்ஸ் மென்டரிங்' என்று பேர். சின்னவர் பெரியவருக்குக் கற்றுக்கொடுப்பார். அந்தப் பழக்கத்தில் பெரியவரின் அனுபவமும் தொடர்பும் சின்னவருக்குக் கிடைக்கும்.

யார் ஆரம்பித்தது?

கார்ப்பரேட் உலகில் இதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் தலைவராக இருந்த ஜாக் வெல்ச். 1999-ல், இன்டர்நெட் பரவிக்கொண்டிருந்த நேரம். தன் மேல்மட்ட அதிகாரிகள் சுமார் 500 பேரையும் ஆளுக்கொரு இளம் ஊழியரைப் பிடித்து இன்டர்நெட் கற்றுக்கொள்ளச் சொன்னார். தானும் ஓர் இளையவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

அங்கே தலைவர் உத்தரவு போட்டார், நடந்தது. வெள்ளகோவிலில் உத்தரவு போட யாரும் இல்லை. சின்னவர்தான் முதல் அடி எடுத்து வைக்கணும். அதனால், எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். "உங்களுக்கு எக்ஸெல் சொல்லித் தரட்டுமாங்கய்யா" என்று போய் நின்றால் யாரும் உட்கார மாட்டார்கள். அவர் பணம் எங்கே சிக்குகிறதோ, அங்கே தொடணும்.

15,000 ரூபாய் எங்கே போச்சு?

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதாமாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் ஒரு தறி முதலாளி, ஆகஸ்டில் நான்கு பில்லுக்குப் பருத்தி நூல் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 3 லட்சம். 5 சதவீத வரி என்றால் பில்லுக்கு 15,000, மொத்தம் 60,000 ரூபாய். இந்த 60,000-ஐ, துணி விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதுதான் உள்ளீட்டு வரி வரவு.

ஆனால் கையில் பில் இருந்தால் மட்டும் போதாது. 2022 ஜனவரி முதல், நூல் விற்றவர் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் ஏற்றி, அது வாங்கியவரின் GSTR-2B-ல் தெரிந்தால்தான் வரவு எடுக்க முடியும். ஆகஸ்ட் மாதத்துக்கான 2B செப்டம்பர் 14-ம் தேதி வரும். அதில் மூன்று பில்தான் இருக்கிறது. கைக்கு வருவது 45,000 மட்டும்.

முதலாளிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது, அந்த நாலாவது பில்லைத் தானே கண்டுபிடிப்பதை. gst.gov.in-ல் உள்ளே போய், Returns Dashboard-ல் வருஷமும் மாசமும் தேர்ந்தெடுத்து, GSTR-2B-ஐத் திறக்க வேண்டும். அதில் இருக்கும் பில் எண்களை, மேஜை மேல் இருக்கும் நூல் பில்களோடு ஒவ்வொன்றாக டிக் அடிக்க வேண்டும். அவ்வளவுதான். முதல் மாதம் அரை மணி நேரம் ஆகலாம்.

பில் காணாமல் போகக் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. நூல் வியாபாரி ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாக அடித்திருப்பார். இல்லாவிட்டால் மாதக் கடைசி பில்லை அடுத்த மாதத்தில் சேர்த்திருப்பார். அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சின்ன வியாபாரியாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவர் செப்டம்பர் 13-க்குள் அந்த பில்லைத் தனியாக ஏற்றாவிட்டால், அது அக்டோபரில்தான் தெரியும். அந்தப் பணம் தொலைந்துவிடாது, தள்ளிப் போகிறது. ஆனால் அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30-ஐத் தாண்டினால் (அதற்குள் வருடாந்திர ரிட்டர்ன் போட்டுவிட்டால் அந்தத் தேதியோடு) வரவே கிடையாது.

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. பில் ஏறவில்லை என்று கண்டுபிடிப்பது பையனின் வேலை. ஆனால் நூல் வியாபாரிக்கு போன் போட்டு, உறவு கெடாமல் அதை ஏற்ற வைப்பது முதலாளிக்கு மட்டுமே கைவந்த வித்தை. "ஏனுங்க, நம்ம பில்லு ஒண்ணு நிக்குதுங்களே" என்று அவர் ஆரம்பிக்கும் விதம், கடன் நாளை ஞாபகப்படுத்தாமலே ஞாபகப்படுத்தும் விதம், இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற பையனுக்கு அன்றைக்கு அதுதான் பாடம்.

எங்கே தப்பாகும்?

ரொம்ப சகஜமான தப்பு, கற்றுக்கொடுப்பதற்குப் பதிலாக வேலையை முடித்துக் கொடுத்துவிடுவது. பெரியவர் தடுமாறும்போது மவுஸைப் பிடுங்கி நாமே செய்துவிடத் தோன்றும். செய்தால் அந்த மாதத்தோடு நீங்கள் சம்பளமில்லாத குமாஸ்தா. எது நடந்திருக்கிறது என்று அடுத்த மாதம் தெரிந்துவிடும். 14-ம் தேதிக்குப் பிறகு அவர் வெறும் பில் போட்டோக்களை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டால், அவர் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. "தம்பி, மூணாவது பில்லு நம்பர்ல ஒரு சைபர் கூட இருக்குது, பரவாயில்லையா?" என்று கேட்டால் அவரே திறந்து பார்த்திருக்கிறார்.

இன்னொன்று, இடம். தறி ஆட்கள் முன்னால், மகன் முன்னால் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஊரே அய்யா என்று கூப்பிடுகிறவருக்கு, 'அங்கே இல்லைங்க, இங்கே அழுத்துங்க' என்று பத்துப் பேர் பார்க்கக் கேட்பது சங்கடம். அடுத்த முறை 'வேலை இருக்குதுங்க தம்பி' என்றுவிடுவார். சந்தேகம் என்னவோ பாடத்தின் மேல் இல்லை.

பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஓடிபி அவர் போனிலேயே இருக்கட்டும். 2024 அக்டோபரில் வந்த IMS பக்கத்தில், பில்லை ஏற்பது, நிராகரிப்பது, நிறுத்தி வைப்பது என்று மூன்று பொத்தான்கள் உண்டு. எதையும் தொடாமல் விட்டால் ஏற்றதாகவே கணக்கு. தெரியாமல் நிராகரித்துவிட்டால் வரவு போய்விடும். அந்த அழுத்தல் யாருடையது என்ற கேள்வி பின்னால் வரவே கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் வேலை பார்க்கும் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். அவருடைய வாடிக்கையாளரோடு நீங்கள் தனியாக உட்காருவது, ஆளைத் தட்டிப் பறிப்பது போலத் தெரியலாம். சின்ன ஊரில் அந்தப் பேச்சு டீ ஆறுவதற்குள் பரவும். அதேபோல, விளக்குவதற்காக இன்னொரு தறிக்காரரின் 2B-ஐத் திறந்து காட்டாதீர்கள். அவர் கணக்கை இவரிடம் காட்டுகிற ஆள், இவர் கணக்கையும் வேறொருவரிடம் காட்டுவார் என்று முதலாளிக்குப் புரிய ஒரு நொடி போதும்.

பதிலுக்கு என்ன கேட்பது?

முதல் நாளே வேலைக்கு சிபாரிசு கேட்டால், கற்றுக்கொடுத்ததற்கு விலை போட்ட மாதிரி ஆகிவிடும். மூன்று மாதமாவது பொறுத்து, கேள்வியாகக் கேட்பதுதான் நல்லது என்பது என் கருத்து. "பாவு நூலுக்கும் ஊடு நூலுக்கும் தனித்தனி ஆள்கிட்ட வாங்கறீங்களே, எதுக்குங்கய்யா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் அரை மணி நேரம் வரும். அதில் யார் யாருக்கு எத்தனை நாள் கடன், எந்தக் கரூர் கம்பெனியில் கணக்குக்கு ஆள் தேவைப்படுகிறது என்பதெல்லாம் தானாக வந்து விழும்.

அப்போது, "அந்தக் கம்பெனி அக்கவுன்ட்ஸ் மேனேஜரை ஒரு தடவை பார்க்கணுங்கய்யா" என்று கேட்கலாம். வேலை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்பதைவிட இது சின்ன உதவி, மறுப்பதும் கஷ்டம். பெரும்பாலும் போன் அப்போதே எடுக்கப்படும்.