Connected என்கிறது போன்; பாட்டு எங்கே போனது?

ப்ளூடூத் ஹெட்போனை ஆன் செய்கிறோம். காதுக்குள் ‘டிங்’ என்று ஓர் ஒலி கேட்கிறது. போன் திரையில் Connected என்று வருகிறது. யூடியூபில் ஒரு பாட்டைத் தட்டினால் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. இந்த இடத்தில் பலரும் ப்ளூடூத்தை நாலைந்து முறை அணைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். அதற்கும் மசியவில்லை என்றால், ஹெட்போன் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் பொருள் இப்படித்தான் குப்பைக்குப் போகிறது. சத்தம் எந்த இடத்தில் நின்றுபோனது என்று கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும். அவற்றை வரிசையாகக் கேட்டால், பழுது எங்கே என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

முதலில், அந்த Connected என்ற சொல்லை நாம் கொஞ்சம் அதிகமாக நம்புகிறோம். போனும் ஹெட்போனும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு தொடர்பில் இருக்கின்றன என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லவில்லை. சத்தத்தைக் கொண்டுபோவது தனி வேலை. அதற்கு வழக்கமான ப்ளூடூத்தில் இரண்டு வெவ்வேறு பாதைகள் இருக்கின்றன. பாட்டும் வீடியோ ஒலியும் A2DP என்ற பாதையில் போகின்றன. அது போனிலிருந்து காதுக்கு மட்டும் போகும் ஒருவழிப் பாதை. தொலைபேசி அழைப்பு HFP என்ற பாதையில் போகிறது. நாம் கேட்பதும் பேசுவதும் அதில் சேர்ந்தே போய்வர வேண்டும். இந்த இரண்டில் ஒன்று மட்டும் திறந்திருந்தாலும் போன் Connected என்றுதான் காட்டும். சில போன்கள் அதன் பக்கத்தில் no media என்று சின்ன எழுத்தில் சேர்த்துச் சொல்லும். அதை யாரும் கவனிப்பதில்லை.

கேள்வி 1: அழைப்பு கேட்கிறதா?

ஹெட்போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வீட்டில் இருக்கும் யாரையாவது உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அழைப்பை எடுத்ததும் திரையில் இருக்கும் ஸ்பீக்கர் பொத்தானைத் தட்டினால், ஒலி எதில் வர வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் ஹெட்போனின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

எதிர்முனைக் குரல் காதில் தெளிவாகக் கேட்டால் பெரிய கவலை தீர்ந்தது. ஹெட்போனின் ஸ்பீக்கர், பேட்டரி, ப்ளூடூத் சிப் எல்லாம் வேலை செய்கின்றன என்று அந்த ஓர் அழைப்பே நிரூபித்துவிட்டது. கோளாறு பாட்டுப் பாதையில் மட்டும்தான். புது ஹெட்போன் வாங்கும் எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

கேள்வி 2: பாட்டு போன் ஸ்பீக்கரில் வருகிறதா, எங்குமே வரவில்லையா?

இப்போது பாட்டைப் போட்டு, ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, போனைக் காதருகே வையுங்கள். பாட்டு போன் ஸ்பீக்கரில் ஒலிக்கிறது என்றால், போன் அதை ஹெட்போனுக்கு அனுப்பவே இல்லை. எங்குமே ஒலிக்கவில்லை என்றால், பெரும்பாலும் போன் அனுப்பிவிட்டது, வழியிலோ போய்ச் சேர்ந்த இடத்திலோ அது அடங்கிவிட்டது. இரண்டுக்கும் காரணங்கள் வேறு, தீர்வும் வேறு. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் எல்லா செட்டிங்ஸையும் மாற்றிப் பார்ப்பதால்தான் குழப்பம் கூடுகிறது.

போன் ஸ்பீக்கரில் வந்தால்

ஆண்ட்ராய்டு போனில் Settings போய், Connected devices பகுதியில் ஹெட்போன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரக் குறியைத் தட்டுங்கள். அங்கே Phone calls, Media audio என்று இரண்டு சுவிட்சுகள் இருக்கும். சில போன்களில் Calls, Audio என்று மட்டும் இருக்கும். Media audio அணைந்திருந்தால் பாட்டுப் பாதை மூடிக்கிடக்கிறது என்று பொருள். ஆன் செய்ததும் பாட்டு ஹெட்போனுக்கு மாறிவிடும்.

அது ஆனில்தான் இருக்கிறது என்றால், பாட்டு ஓடும்போதே திரையை மேலிருந்து கீழே இழுங்கள். பாட்டின் பெயர் இருக்கும் சிறு பெட்டியில், ஒலி எதில் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் குறி ஒன்று இருக்கும். அதில் This phone என்று தேர்வாகியிருந்தால் ஹெட்போனுக்கு மாற்றுங்கள். ஐபோனில் Control Center திறந்து, பாட்டுப் பெட்டியில் உள்ள ஏர்ப்ளே குறியைத் தட்டினால் இதே பட்டியல் வரும்.

இன்னொன்றும் உண்டு. சில ஹெட்போன்கள் ப்ளூடூத் பட்டியலில் இரண்டு பெயர்களோடு தோன்றும். ஒன்று சாதாரணப் பெயர். இன்னொன்று அதே பெயருக்கு முன்னால் LE_ என்ற எழுத்துகளோடு இருக்கும். இந்த இரண்டாவது, ஹெட்போனுக்கான ஆப் தகவல் பரிமாறிக்கொள்ளும் குறைந்த மின்சக்தித் தொடர்பு. அதோடு மட்டும் இணைந்தால் Connected என்று காட்டும், பாட்டு வராது. இரண்டையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, LE_ இல்லாத பெயரோடு இணையுங்கள்.

எங்குமே வரவில்லை என்றால்

முதல் சந்தேகம் ஒலியளவு மீதுதான் விழ வேண்டும். ஆண்ட்ராய்டில் அழைப்புக்கு ஒரு ஒலியளவு, ரிங்டோனுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. அதனால் அழைப்பு நன்றாகக் கேட்டாலும் பாட்டின் அளவு பூஜ்யத்தில் இருக்கலாம். பாட்டு ஓடும்போது போனின் வால்யூம் பொத்தானை அழுத்தி, திரையில் வரும் கோடு மேலே ஏறுகிறதா என்று பாருங்கள்.

பிறகு ஹெட்போனில் உள்ள கூட்டும் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தும்போது போன் திரையிலும் கோடு நகர்ந்தால் இரண்டின் ஒலியளவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. நகரவில்லை என்றால் ஹெட்போன் தனக்கென்று ஒரு ஒலியளவு வைத்திருக்கிறது. போனில் முழு அளவு வைத்தாலும், ஹெட்போனில் அது பூஜ்யமாக இருந்தால் ஒன்றும் கேட்காது. ஹெட்போனில் அழுத்திக்கொண்டே போய் உச்ச அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள், போனில் மட்டும் முன்கூட்டியே பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திடீரென்று காதைப் பதம் பார்த்துவிடும்.

ஒலியளவு சரியாக இருந்தும் சத்தம் இல்லை என்றால், அடுத்த சந்தேகம் மூன்றாவது கருவி ஒன்றின் மீது. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு நடந்தது இதுதான். தைக்கும்போது காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. “தம்பி, போன் பேசினா நல்லா கேக்குது, பாட்டு போட்டா செத்துப்போகுது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார்.

முதல் கேள்விக்கு அவரே விடை சொல்லிவிட்டார். அழைப்பு கேட்கிறது, ஆக ஹெட்போன் உயிரோடு இருக்கிறது. பாட்டைப் போட்டு போனைக் காதில் வைத்தால் அதிலும் சத்தம் இல்லை. ஆக, போன் அனுப்புகிறது. Media audio ஆனில் இருந்தது. போனிலும் ஹெட்போனிலும் ஒலியளவு முழுதாக இருந்தது.

“வேற எதுலயாவது இதைச் சேத்தீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“நான் சேக்கல. பையன் நேத்து ராத்திரி அவன் லேப்டாப்ல போட்டு ஏதோ கிளாஸ் கேட்டான்.”

கடை வீட்டின் முன்னறையில் இருக்கிறது. லேப்டாப் சுவருக்கு அந்தப் பக்கம், உள்ளறையில் திறந்தபடி இருந்தது. ப்ளூடூத் ஏறத்தாழ 10 மீட்டர் வரை எட்டும். ஒரு சுவர் அதற்குப் பெரிய தடை இல்லை. அந்த ஹெட்போன் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் வகை. மல்டிபாயின்ட் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள். இணைய முடியுமே தவிர, பாட்டை ஒரு நேரத்தில் ஒன்றிடமிருந்துதான் வாங்கும். லேப்டாப்பில் ஒரு பிரவுசர் பக்கம் வகுப்பு வீடியோவைத் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தது, அதுவும் ஒலி பூஜ்யத்தில். ஹெட்போன் அந்த மௌனத்தை வாங்கிக்கொண்டு, போன் அனுப்பிய பாட்டைக் கண்டுகொள்ளவில்லை. அழைப்பு மட்டும் ஏன் கேட்டது? போன் அழைப்பு வந்தால் இவ்வகை ஹெட்போன்கள் மற்ற ஒலியை நிறுத்திவிட்டு அதற்கு வழிவிடுகின்றன.

லேப்டாப்பின் ப்ளூடூத்தை அணைத்ததும் பாட்டு கேட்கத் தொடங்கியது. சோதித்துப் பார்க்க மறுபடி ஆன் செய்தோம், மறுபடி மௌனம். காரணம் இதுதான் என்று உறுதியானது. அக்கா அந்த ஹெட்போனை லேப்டாப் பட்டியலிலிருந்தே நீக்கச் சொல்லிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படிச் சோதிக்கும்போது, ஹெட்போன் முன்பு இணைந்திருந்த லேப்டாப், டேப்லட், டிவி, பழைய போன் எல்லாவற்றிலும் ப்ளூடூத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றாகத் திரும்ப ஆன் செய்தால் எது பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அழைப்பும் இல்லை, பாட்டும் இல்லை என்றால்

இப்போதுதான் இணைப்பையே புதிதாகப் போட வேண்டும். போனில் அதே பல்சக்கரக் குறிக்குள் Forget என்பதைத் தட்டுங்கள். ஐபோனில் Forget This Device என்று இருக்கும். போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஹெட்போனும் பழைய இணைப்பை நினைவில் வைத்திருக்கும். அதை அழிக்கும் முறை மாடலுக்கு மாடல் மாறும், கூட வந்த கையேட்டில் இருக்கும். இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாக இணைத்தால்தான் பழைய கோளாறு தொடராது.

அதற்கும் வரவில்லையா? இடம் மாற்றிப் பாருங்கள். இந்த ஹெட்போனை வேறொரு போனில் இணையுங்கள், வேறொரு ஹெட்போனை இந்தப் போனில் இணையுங்கள். ஹெட்போன் அங்கேயும் ஊமையாக இருந்தால் பழுது ஹெட்போனில். எந்த ஹெட்போனும் உங்கள் போனில் பேசவில்லை என்றால் பழுது போனில். போன்தான் என்று தெரிந்த பிறகு மட்டும் Reset options பகுதியில் ப்ளூடூத், வைஃபை செட்டிங்ஸை ரீசெட் செய்யுங்கள். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் மற்ற ப்ளூடூத் இணைப்புகளும் அதோடு அழிந்துவிடும் என்பதால் இதை முதல் வைத்தியமாகச் செய்ய வேண்டாம். படங்களும் தொடர்பு எண்களும் இதனால் அழியாது. Factory reset என்பது வேறு, அது எல்லாவற்றையும் துடைத்துவிடும். அதைத் தொடாதீர்கள்.

வேறு போனிலும் ஊமையாக இருக்கும் ஹெட்போனை மட்டுமே பழுதானது என்று சொல்லலாம். வாரண்டி இருந்தால் அதைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். வேறு இரண்டு போன்களில் போட்டுப் பார்த்தும் சத்தம் இல்லை என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கப் போகும் முதல் கேள்வி அதுதான்.