இந்தக் குறை எந்தக் கட்டத்தில்?

ஆய்வேட்டின் ஓர் இயலைப் படித்து முடித்ததும் நெறியாளரின் மனதில் ஒரு எண் தோன்றிவிடும். ஐம்பத்தைந்து, அறுபது என்று ஏதோ ஒன்று. ஏன் அந்த எண் என்று மாணவர் கேட்டால் "வாதம் இன்னும் வலுவாக இருக்கலாம்" என்பார். அதை வைத்துக்கொண்டு மாணவரால் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. இதற்காகத்தான் ரூப்ரிக் எனப்படும் மதிப்பீட்டு அட்டவணை வந்தது. வாதம், முன்னாய்வுகளைக் கையாண்ட விதம், ஆய்வு முறை என மூன்று தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் இயல் எப்படி இருக்கும் என்று ஓரிரு வரி விளக்கம்.

அமெரிக்காவில் பார்பரா லோவிட்ஸ் என்ற ஆய்வாளர் ஒன்பது பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 276 பேராசிரியர்களிடம் 'நல்ல ஆய்வேடு எது, சுமாரானது எது' என்று கேட்டு, அவர்கள் சொன்னதையெல்லாம் 2007-இல் புத்தகமாக்கினார். ஆய்வேட்டுக்கான அட்டவணை தயாரிக்கும் பலருக்கும் அது துணைநூல். ஆனால் அட்டவணையைத் தயாரிப்பதைவிடக் கடினமானது, கண்ணில் பட்ட குறையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று முடிவு செய்வது.

ஒரு கற்பனை இயலை எடுத்துக்கொள்வோம். கல்வியியல் மாணவி ஒருவர், தமிழக அரசின் காலை உணவுத் திட்டத்தை ஆய்கிறார். 2023 ஆகஸ்ட் 25 அன்று இந்தத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அவர் ஒரு கிராமப்புற ஒன்றியத்தில் ஆறு அரசுப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளைப் பார்த்தார். 2022 செப்டம்பர் முதல் நவம்பர் வரை சராசரி வருகை 82 சதவீதம். மறு ஆண்டு அதே மாதங்களில் 88. அறுபது தாய்மார்களிடம் பேட்டியும் எடுத்தார். இயலின் கடைசிப் பத்தியில் அவர் எழுதிய முடிவு: காலை உணவுத் திட்டமே வருகையை உயர்த்தியது.

அட்டவணையின்படி வாதத்துக்கு 40 மதிப்பெண், மற்ற இரண்டுக்கும் தலா 30. ஒரு தலைப்பில் நான்காம் நிலை கிடைத்தால் முழு மதிப்பெண், இரண்டாம் நிலை என்றால் பாதி, முதல் நிலை என்றால் கால் பங்கு.

முன்னாய்வுப் பகுதியை முதலில் பார்ப்போம், அதைச் சோதிப்பது எளிது. மாணவி இருபத்தெட்டு ஆய்வுகளை, ஒன்றுக்கு ஒரு பத்தியாக, ஆண்டு வரிசையில் தந்திருக்கிறார். இந்தப் பத்திகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எதை எங்கே வைத்தாலும் பொருள் கெடவில்லை என்றால் அது வெறும் பட்டியல்தான். இரண்டாம் நிலைக்கு மேல் போகாது. மூன்றாம் நிலையில் ஆய்வுகள் ஒன்றோடொன்று உடன்படுவதும் முரண்படுவதும் தெரியும். நான்காம் நிலையில் அவற்றிலிருந்தே இந்த இயலின் கேள்வி பிறந்திருக்கும். முன்னாய்வுப் பகுதிகளை மட்டும் அளப்பதற்கென்றே பூட், பைல் என்ற இருவர் 2005-இல் பன்னிரண்டு கூறுகள் கொண்ட அட்டவணை ஒன்றை வெளியிட்டார்கள். எந்த ஆய்வைச் சேர்த்தோம், எதை விட்டோம், ஏன் என்பதும் அதில் ஒரு கூறு. நம் மாணவி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவருடைய பட்டியலில் ஃபர்ஸானா அஃப்ரிதி மத்தியப் பிரதேசப் பள்ளிகளைப் பற்றி எழுதிய ஆய்வும் இருக்கிறது. தானியம் தருவதிலிருந்து சமைத்த மதிய உணவுக்கு எல்லாப் பள்ளிகளும் ஒரே நாளில் மாறவில்லை. மாறிய பள்ளிகளை மாறாதவற்றோடு ஒப்பிட்டுத்தான் அஃப்ரிதி முடிவுக்கு வந்தார். மாணவி அந்த முடிவை மட்டும் இரண்டு வரியில் எடுத்துக்கொண்டு, அது எப்படிக் கிடைத்தது என்பதை விட்டுவிட்டார். அதைக் கவனித்திருந்தால் தன் ஆய்விலும் ஒப்பீட்டுப் பள்ளிகள் தேவை என்று தெரிந்திருக்கும்.

ஆய்வு முறைக்கு வருவோம். ஆறு பள்ளிகளை ஏன் தேர்ந்தார் என்பதற்கு 'ஆய்வாளரின் வசதி' என்று மட்டும் இருக்கிறது. தாய்மார்களைப் பள்ளித் தாழ்வாரத்தில், தலைமை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது பேட்டி எடுத்திருக்கிறார். அந்த இடத்தில் யார் திட்டத்தைக் குறை சொல்வார்கள்? திட்டம் இல்லாத பள்ளி ஒன்றுகூட ஆய்வில் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. பிள்ளைகள் மெல்ல மெல்லப் பழைய வழக்கத்துக்குத் திரும்பியதால்கூட அந்த ஆறு சதவீதம் கூடியிருக்கலாம்.

இந்த இயலை இரண்டு பேர் தனித்தனியே திருத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் மூன்று தலைப்பிலும் இரண்டாம் நிலை தந்தார்: 20, 15, 15, மொத்தம் 50. இரண்டாமவர் வாதத்துக்கு மூன்றாம் நிலை, முன்னாய்வுக்கு இரண்டாம் நிலை, ஆய்வு முறைக்கு முதல் நிலை தந்தார்: 30, 15, ஏழரை, மொத்தம் ஐம்பத்திரண்டரை. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய ஒத்துப்போனது போலிருக்கும். உண்மையில் மூன்றில் இரண்டு தலைப்புகளில் அவர்கள் ஒத்துப்போகவில்லை. அலுவலகத்துக்குப் போவது கூட்டுத்தொகை மட்டும்தான், ஆகவே இந்த வேறுபாடு பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.

இருவரும் கண்டது ஒரே குறைதான்: ஒப்பீடு இல்லாமலே 'திட்டமே காரணம்' என்று எழுதியது. முதலாமவர் அதை வாதத்தில் கழித்தார், இரண்டாமவர் முழுவதையும் முறையில் கழித்தார். யார் செய்தது சரி? என் கணக்கில் அங்கே இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒப்பீட்டுப் பள்ளிகள் இல்லாதது முறையின் குறை. அவை இல்லை என்று தெரிந்தும் காரணம் சொன்னது வாதத்தின் குறை.

கடைசிப் பத்தியை மாற்றிப் பார்த்தால் இது தெளிவாகும். 'திட்டம் வந்த பிறகு இந்த ஆறு பள்ளிகளில் வருகை கூடியிருக்கிறது; அதற்குத் திட்டம்தான் காரணமா என்பதை இந்தத் தரவால் சொல்ல முடியாது' என்று மாணவி எழுதியிருந்தால், சான்று தாங்கும் அளவுக்கே அவர் பேசியிருக்கிறார் என்று பொருள். ஒரு பள்ளிகூடக் கூடாமலே வாதம் நான்காம் நிலைக்கு ஏறி 40 பெறும். முறை இருந்த இடத்திலேயே இருக்கும். மொத்தம் 70. ஒரே பத்திக்கு இருபது மதிப்பெண்ணா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆய்வில் முடிவைச் சொல்லும் இடம் அதுதான் என்பதால் எனக்கு அது அதிகமாகப் படவில்லை. வேண்டுமானால், ஆய்வு முறையில் முதல் நிலை பெற்ற இயல் மற்றவற்றில் என்ன வாங்கினாலும் தேறாது என்று ஒரு விதி சேர்த்துக்கொள்ளலாம்.

திருத்துபவருக்கும் ஒரு பொறி இருக்கிறது. நல்ல நடையில் எழுதிய இயலுக்கு எல்லாத் தலைப்பிலும் கை தாராளமாகிவிடும். ஒரு குணத்தைப் பற்றிய எண்ணம் மற்ற மதிப்பீடுகள் மீதும் படிவதை உளவியலாளர் தார்ன்டைக் 1920-லேயே காட்டினார். ஒரு தலைப்பை மட்டும் மனதில் வைத்து ஒருமுறை படித்து, நிலையைக் குறித்து, அதற்குச் சான்றான பக்க எண்ணையும் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போவது நல்லது. பக்க எண் எழுத முடியாத நிலையை அடித்துவிட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். எல்லோருக்கும் இதற்குப் பொறுமை இருக்கும் என்று நான் சொல்லவில்லை.

இந்த இயலுக்கு என் மதிப்பெண் 50; திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவேன். மாணவிக்கு எழுதும் குறிப்பு இது: கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குக் காலை உணவு 2024 ஜூலையில்தான் வந்தது. ஆக 2023-இல் உங்கள் ஒன்றியத்திலேயே திட்டம் இல்லாத பள்ளிகள் இருந்திருக்கக்கூடும். அவற்றின் இரண்டு ஆண்டுப் பதிவேடுகளைப் பாருங்கள். அங்கேயும் ஆறு சதவீதம் கூடியிருந்தால் உங்கள் கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள்.