4,800 டாலர் பில்லுக்கு 4,775 டாலர் வந்தால்

கரூரில் மேஜை விரிப்புகள் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம், ஹாம்பர்க் வியாபாரிக்கு 4,800 டாலருக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி முழுத் தொகையையும் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். கரூர் வங்கியிலோ 4,775 டாலர்தான் வந்திருக்கிறது. இருவர் சொல்வதும் உண்மைதான். இடையில் 25 டாலர் எங்கே போனது?

ஜெர்மனி வங்கிக்கும் கரூர் வங்கிக்கும் நேரடிக் கணக்கு உறவு பெரும்பாலும் இருக்காது. டாலர் என்பதால் பணம் பொதுவாக அமெரிக்க வங்கிகள் வழியாகத்தான் வரும். ஜெர்மனி வங்கி கணக்கு வைத்திருக்கும் நியூயார்க் வங்கி ஒன்று. நம் வங்கி கணக்கு வைத்திருக்கும் நியூயார்க் வங்கி இன்னொன்று. முதல் வங்கி 15 டாலரும் அடுத்தது 10 டாலரும் கட்டணமாக எடுத்துக்கொண்டால் மீதி 4,775. இவைதான் இடைநிலை வங்கிகள். இவற்றின் கட்டணத்துக்குத் தனி பில் வராது. வரும் பணத்திலேயே கழித்துக்கொள்வார்கள்.

கழிப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது, பணம் அனுப்புகிறவர் தம் வங்கிப் படிவத்தில் தேர்ந்தெடுக்கும் மூன்றெழுத்து. OUR என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருடையது. SHA என்றால் அவர் தம் வங்கிக் கட்டணத்தைக் கட்டுவார். வழியில் பிடிப்பதும் பெறும் வங்கி பிடிப்பதும் நம் தலையில். BEN என்றால் முழுவதும் பெறுகிறவர் பொறுப்பு. அனுப்புகிறவர் எதையும் மாற்றாவிட்டால் பல வங்கிப் படிவங்களில் SHA தான் இருக்கும். அதனால், இன்வாய்ஸோடு போகும் மின்னஞ்சலில் இதைச் சொல்லாமல் விட்டால் 25 டாலர் நஷ்டம் நமக்குத்தான்.

அந்த மின்னஞ்சலில் நான்கு செய்திகள் போதும்: "இன்வாய்ஸ் தொகை 4,800 அமெரிக்க டாலர் (USD). தயவுசெய்து டாலராகவே அனுப்புங்கள். உங்கள் வங்கியில் ரூபாயாக மாற்ற வேண்டாம். கட்டண விருப்பத்தில் OUR என்று தேர்ந்தெடுங்கள். இடைநிலை வங்கிக் கட்டணம் உங்களைச் சேர்ந்தது. எங்கள் கணக்கில் 4,800 டாலர் முழுதாக வந்தால்தான் பில் தீர்ந்ததாகக் கொள்வோம்."

வெறும் $ குறி போதாது. கனடா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா நாணயங்களுக்கும் அதே குறிதான். ரூபாயாக மாற்ற வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. அங்கே மாற்றினால் அவர்கள் வங்கி வைத்த விகிதமே விகிதம். டாலராக வந்தால் நம் வங்கியிடம் விகிதம் பேசலாம். அந்நியச் செலாவணிக் கணக்கு இருந்தால் டாலராகவே கொஞ்ச நாள் வைத்திருக்கலாம்.

பணம் குறைந்து வந்தால், வியாபாரியைக் குறை சொல்லும் முன் நம் வங்கிக்கு வந்து சேர்ந்த ஸ்விஃப்ட் செய்தியின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். அவரிடம் இருக்கும் நகலில், பணம் அவர் வங்கியை விட்டுக் கிளம்பிய நிலைதான் தெரியும். நமக்கு வந்த pacs.008 செய்தியில் அனுப்பச் சொன்ன தொகை, வந்து சேர்ந்த தொகை, வழியில் பிடித்த கட்டணங்கள் தனித்தனியே இருக்கும். அனுப்பச் சொன்னது 4,800, வந்தது 4,775, கட்டணம் 15, 10 என்று இருந்தால் வியாபாரி சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார். அனுப்பச் சொன்னதே 4,775 என்றால் அவரே குறைத்திருக்கிறார். அதிலேயே SHAR என்றிருந்தால் அது SHA. DEBT என்றால் OUR.

இந்த நகல் இன்னொன்றுக்கும் உதவும். கப்பல் பில்லில் 4,800 என்று பதிவாகியிருக்கும்போது 4,775 மட்டும் வந்தால், ரிசர்வ் வங்கியின் ஏற்றுமதிக் கண்காணிப்புக் கணக்கில் 25 டாலர் நிலுவையாக நிற்கும். அது வங்கிக் கட்டணம்தான் என்று காட்டி நிலுவையைத் தீர்க்க இதுவே சான்று.

OUR போட்டாலும் சில அமெரிக்க வங்கிகள் கழித்துவிடுவது உண்டு. அதனால்தான் மின்னஞ்சலில் "முழுதாக வந்தால்தான்" என்ற வரி தேவை. டாலரை ரூபாயாக்க நம் வங்கி பிடிக்கும் கட்டணம் வேறு. அதை வியாபாரியிடம் கேட்க முடியாது.

OUR என்றால் அவருடைய வங்கி கூடுதலாக வாங்கும் என்பதால் சிலர் மறுப்பார்கள். 4,800 டாலரில் 25 போவது அரை சதவீதம்தான். 300 டாலர் பில்லில் அதே 25 என்றால் எட்டு சதவீதத்துக்கும் மேல். சிறு பில்களைச் சேர்த்து ஒரே தவணையாகப் பணம் அனுப்பச் சொல்லலாம். அல்லது SHA என்றே ஒப்புக்கொண்டு, வழியில் போகும் தொகையை விலையில் சேர்க்கலாம். எதுவானாலும் கொட்டேஷன் தரும்போதே பேசி முடிக்க வேண்டும். பணம் கிளம்பிய பிறகு கட்டண விருப்பத்தை மாற்ற முடியாது.