போனுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு மென்பொருள்... அப்டேட் செய்ததும் சிக்னல் மாறுவது ஏன்?

2022 அக்டோபர் 1-ம் தேதி இந்தியாவில் 5ஜி அறிமுகமானது. ஏர்டெல் முதலில் சேவையைத் தொடங்கிய 8 நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆனால், கையில் ஐபோன் 12, 13, 14 வைத்திருந்தவர்களுக்கு அன்று 5ஜி கிடைக்கவில்லை. போனில் 5ஜி சிப் இருக்கிறது, ஊரில் டவரும் இருக்கிறது, ஆனாலும் திரையில் 4ஜிதான். அந்த ஆண்டு டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 அப்டேட் வந்த பிறகுதான் வழி திறந்தது. போனை யாரும் கழற்றவில்லை, சிம்மையும் மாற்றவில்லை. பிறகு எப்படி 5ஜி வந்தது?

பதில், மோடத்தில் இருக்கிறது. டவருடன் பேசுவதற்கென்றே ஒவ்வொரு போனிலும் மோடம் என்ற தனிப் பகுதி உண்டு. நாம் பார்க்கும் ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் அதை இயக்குவதில்லை. மோடத்துக்கென்று தனி மென்பொருள் இருக்கிறது, அதற்குப் பெயர் மோடம் ஃபர்ம்வேர். சிஸ்டம் அப்டேட் வரும்போது பெரும்பாலும் இதுவும் சத்தமில்லாமல் சேர்ந்து வந்துவிடும். 'Bug fixes' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை.

போன் நெட்வொர்க்கில் சேரும்போது, 'என்னால் இந்த அலைவரிசைகளைப் பிடிக்க முடியும், இன்னின்ன அலைவரிசைகளை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்த முடியும்' என்று ஒரு பட்டியலை நெட்வொர்க்குக்கு அனுப்புகிறது. பட்டியலில் இல்லாததை நெட்வொர்க் தருவதில்லை. ஏர்டெல் 5ஜி ஆரம்பத்தில் 4ஜியைத் துணைக்கு வைத்துக்கொண்டு இயங்கியது. ஜியோவோ 4ஜியைச் சாராத தனி 5ஜி. இரண்டுக்கும் போன் நடந்துகொள்ள வேண்டிய விதம் வேறு. இந்தப் பட்டியலையும், எந்த நிறுவனத்தின் சிம் என்றால் எதை அனுமதிக்கலாம் என்ற அமைப்புகளையும் அப்டேட்டால் மாற்ற முடியும். ஆன்டெனாவும் அதற்குரிய பாகங்களும் இல்லாத அலைவரிசையை மட்டும் எந்த அப்டேட்டாலும் கொண்டுவர முடியாது. 4ஜி போன் 4ஜி போன்தான்!

அழைப்புகளுக்கும் இதே கதைதான். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. குரல் அழைப்பும் 4ஜி அல்லது 5ஜி வழியாகவே போக வேண்டும். அந்த அமைப்பு போனில் சரியாக இல்லையென்றால், இன்டர்நெட் ஓடும், யூடியூப் ஓடும், கால் மட்டும் போகாது.

அப்டேட் எப்போதும் நன்மையே செய்யும் என்றும் சொல்ல முடியாது. கூகுளின் பிக்ஸல் 6 போன்களுக்கு 2021 டிசம்பர் அப்டேட்டை நிறுவியவர்களில் சிலர், அழைப்புகள் துண்டிக்கப்படுவதாகவும் சிக்னல் போய்ப்போய் வருவதாகவும் புகார் செய்தார்கள். கூகுள் அந்த அப்டேட்டை நிறுத்திவைத்து, 2022 ஜனவரியில் திருத்தத்துடன் வெளியிட்டது. பழைய மோடம் மென்பொருளுக்குத் திரும்புவது சாதாரணப் பயனாளருக்கு எளிதல்ல. ஐபோனில் அது நடக்கவே நடக்காது என்றே வைத்துக்கொள்ளலாம்.

சரி, அப்டேட்டுக்குப் பிறகு சிக்னல் குறைந்துவிட்டது என்று தோன்றினால் எப்படி உறுதிசெய்வது? கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பது மென்பொருள் முடிவுசெய்யும் விஷயம். 2010-ல் ஐபோன் 4 சர்ச்சையின்போது, கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு அதை மாற்றியது. அன்று மாறியது கோடுகள்தான், காற்றில் வரும் சிக்னல் அல்ல.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் 'About phone' பகுதிக்குள் 'SIM status' சென்றால் 'Signal strength' என்று dBm அளவு இருக்கும். மைனஸில் வரும் எண் அது. 4ஜியில் -85 என்றால் நல்ல சிக்னல், -115 என்றால் பலவீனம். அப்டேட்டுக்கு முன்பு வீட்டில் ஒரே இடத்தில் நின்று இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கூடவே 'Baseband version' வரியையும் (ஐபோனில் 'Modem Firmware') எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அப்டேட்டுக்குப் பிறகும் அந்த வரி மாறவில்லை என்றால், மோடம் மென்பொருள்மீது பழிபோட அவசரப்பட வேண்டாம். அடுத்து, அதே சிம்மை வீட்டில் இன்னொருவர் போனில் போட்டுப் பாருங்கள். அதிலும் கால் துண்டானால் கோளாறு டவர் பக்கமோ, சிம்மிலோ இருக்கலாம். உங்கள் போனில் மட்டும் என்றால், ஏர்பிளேன் மோடை ஆன் செய்து ஆஃப் செய்யலாம். அதற்கும் சரியாகவில்லை எனில் நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்யலாம். வைஃபை பாஸ்வேர்டுகள் அழிந்துவிடும், கவனம்.

'இவ்வளவு தொல்லை எதற்கு, அப்டேட்டே வேண்டாம்' என்று ஒதுங்குபவர்களுக்கு ஒரு தகவல். சாம்சங்கின் எக்ஸினோஸ் மோடங்களில் 18 பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதை 2023 மார்ச்சில் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு வெளியிட்டது. அவற்றில் நான்கு மிக மோசமானவை. உங்கள் போன் நம்பர் மட்டும் தெரிந்தால் போதும், நீங்கள் எதையும் தொடாமலே மோடத்துக்குள் நுழைந்துவிடலாம். திருத்தம் வரும் வரை வைஃபை காலிங்கையும் வோல்ட்டீயையும் அணைத்துவைக்கச் சொன்னார்கள். பிக்ஸல் 6, 7 உட்படப் பல போன்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்த ஓட்டைகளை அடைத்ததும் இதே அப்டேட்தான்.